48,500 டாலர் பில்லுக்கு பார்வர்டா, பியூச்சர்ஸா?

கேள்வி: "சேலத்தில் கிச்சன் டவல், பெட்ஷீட் தைத்து ஏற்றுமதி செய்கிறோம். ஜூன் 10 வாக்கில் 48,500 டாலர் வர வேண்டும். பேங்கில் பார்வர்டு போடச் சொல்கிறார்கள். புரோக்கர், 'ஒரு லட்சம் மார்ஜின் இருந்தால் போதும், பியூச்சர்ஸ் போட்டுவிடலாம், பேங்கைவிட ரேட்டும் நல்ல ரேட்' என்கிறார். எது லாபம்? ஏற்காட்டில் மாமாவுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது, அவருக்கும் இது உதவுமா?"

பின்னால் வரும் டாலருக்கான ரேட்டை இன்றே உறுதி செய்யும் ஒப்பந்தங்கள்தான் இரண்டும்; பார்வர்டு பேங்கோடு போடுவது, பியூச்சர்ஸ் புரோக்கர் மூலம் எக்ஸ்சேஞ்சில் போடுவது. இரண்டு வழியிலும் கடைசியில் கைக்கு வரும் ரூபாய் ஏறக்குறைய ஒன்றுதான். இடைப்பட்ட மூன்று மாதத்தில் யார், எந்தத் தேதியில், எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. கணக்கோடு சொன்னால்தான் இது புரியும். கீழே வரும் ரேட்டுகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் ஒப்பந்தம் போடும் நாளின் ரேட்டை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்று மார்ச் 10, டாலரின் இன்றைய விலையான ஸ்பாட் 90.00 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கரின் திரையில் USDINR ஜூன் மாத ஒப்பந்தம் 90.50 காட்டுகிறது. பேங்கில் ஜூன் 10 தேதிக்கு பார்வர்டு கேட்டால் 90.27 சொல்கிறார்கள். டாலருக்கு 23 காசு வித்தியாசம், 48,500 டாலருக்குப் பதினோராயிரம் ரூபாய்க்கு மேல். புரோக்கர் "நல்ல ரேட்" என்று சொன்னது இதைத்தான். ஆனால் அந்த 23 காசைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் ஒப்பந்தம் ஜூன் 10-ல் முடிவதில்லை. மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்பு, மதியம் 12.30 மணிக்கு அதன் வர்த்தகம் நிற்கும். ஜூன் 26 என்று வைத்துக்கொண்டால் இன்றிலிருந்து 108 நாள். ஸ்பாட்டுக்கு மேலே இருக்கும் 50 காசு பிரீமியம் அந்த 108 நாளுக்கானது. உங்கள் பணம் 92-வது நாளே வருகிறது, அதற்குரிய பிரீமியம் ஏறக்குறைய 42 காசுதான். ஆக 23 காசில் 8 காசு, உங்களுக்குச் சேராத 16 நாளின் பிரீமியம். மீதி 15 காசு பேங்க் ரேட்டில் தனக்கென்று பிடித்துக்கொள்ளும் மார்ஜின், புரோக்கர் கேட்கும் முன்பண மார்ஜின் வேறு. பியூச்சர்ஸ் போட்டால் அந்தப் 15 காசு மிச்சமாகும் என்று தோன்றும், ஆனால் ஆகாது. பியூச்சர்ஸ் ரூபாயில் மட்டுமே தீர்வாகும் ஒப்பந்தம், அங்கே யாரும் உங்களிடம் டாலரை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஜூன் 10-ல் வரும் 48,500 டாலரை நீங்கள் பேங்கில்தான் விற்க வேண்டும். அன்றைக்கு பேங்க் தன் மார்ஜினை எடுத்துக்கொள்ளும்.

அதனால் பேங்கில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. பார்வர்டில் எத்தனை காசு மார்ஜின் வைக்கிறீர்கள்? டாலர் வந்த அன்று மாற்றினால் எத்தனை காசு வைப்பீர்கள்? இரண்டும் 15 காசு என்றால் ரேட்டைப் பொறுத்தவரை பியூச்சர்ஸில் உங்களுக்கு ஆதாயம் எதுவும் இல்லை. பார்வர்டில் 50 காசும் ஸ்பாட்டில் 15 காசும் வைக்கிறார்கள் என்றால் அந்த 35 காசு, அதாவது பதினேழாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான தொகை, பியூச்சர்ஸ் பக்கம் சாய்கிற உண்மையான காரணம். சிறு ஏற்றுமதியாளர்களிடம் இதைப் பிரித்துச் சொல்லாமல் ஒரே ரேட்டாகச் சொல்வதுதான் பேங்குகளின் வழக்கம். ஸ்பாட் எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு, பேங்கின் மார்ஜின் எவ்வளவு என்று மூன்றாகக் கேளுங்கள். பேசும்போது அதே மாதத்து பியூச்சர்ஸ் விலையைத் திரையில் திறந்து வைத்திருங்கள். பியூச்சர்ஸே போடாவிட்டாலும் பேரம் பேச அது ஒன்றே போதும். ஸ்பாட்டுக்கு, பேங்க் காலையில் ஒட்டிவைக்கும் கார்டு ரேட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரத்து லைவ் ரேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இனி அளவு. பார்வர்டு உங்கள் அளவுக்குத் தைத்த சட்டை. 48,500 டாலர், ஜூன் 10 என்று அப்படியே எழுதிக்கொள்ளலாம். தேதி உறுதியில்லை என்றால் ஜூன் 1 முதல் 30 வரை எந்த நாளிலும் டாலரைக் கொடுக்கலாம் என்ற ஆப்ஷன் பீரியடோடும் வாங்கலாம். ஆனால் அப்படி வாங்கினால் பேங்க் ஜூன் 1 வரைக்கும் உள்ள பிரீமியத்தைத்தான் தரும், ஏனென்றால் நீங்கள் முதல் நாளே டாலரோடு வந்து நிற்கலாம். ஒன்பது நாள் பிரீமியம், நம் கணக்கில் நான்கு காசு, அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை. வாங்குபவர் சொன்ன தேதியில் பணம் போட்டுப் பழக்கமில்லாதவர் என்றால் அந்த நான்கு காசு தண்டம் ஆகாது.

பியூச்சர்ஸில் ஒரு லாட் 1,000 டாலர். 2008 ஆகஸ்ட் 29-ல் என்எஸ்இ இந்த ஒப்பந்தத்தைத் தொடங்கியதிலிருந்து அதுதான் அளவு. 48,500-க்கு 48 லாட் விற்கலாம் அல்லது 49. 48 விற்று 500 டாலரை அப்படியே விட்டுவிடுங்கள். கையில் இருக்கும் பில்லுக்கு மேலே விற்பது கூடாது, காரணம் கீழே வருகிறது. விலை கால் காசு கால் காசாக நகரும். ஒரு காசு நகர்ந்தால் லாட்டுக்கு 10 ரூபாய், உங்கள் 48 லாட்டுக்கு 480 ரூபாய். ஒரு ரூபாய் நகர்ந்தால் 48,000 ரூபாய். இந்த 48,000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் வரும்.

ஏற்றுமதியாளர் பியூச்சர்ஸை விற்க வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனால் "டாலர் வரப்போகிறது, டாலரில் பொசிஷன் எடுக்கிறோம்" என்று வாங்கி வைப்பவர்கள் உண்டு. ஒரே நாளில் இதைச் சோதித்துவிடலாம். டாலர் ஏறிய அன்று உங்கள் கணக்கில் நஷ்டம் காட்ட வேண்டும். லாபம் காட்டினால் நீங்கள் தப்பான பக்கம் நிற்கிறீர்கள், ரிஸ்க் குறையவில்லை, இரட்டிப்பாகியிருக்கிறது.

48 லாட்டை 90.50-க்கு விற்றால் ஒப்பந்த மதிப்பு 43,44,000 ரூபாய். அதில் இரண்டரை சதவீதம் மார்ஜின் என்றால் 1,08,600. புரோக்கர் சொன்ன "ஒரு லட்சம்" இதுதான், அதில் பொய் இல்லை. இந்தச் சதவீதம் நிலையானது இல்லை, சந்தை துள்ளினால் ஏறும். 2013-ல் ரூபாய் சரிந்தபோது செபி கரன்சி மார்ஜினை ஒரே அறிவிப்பில் இரட்டிப்பாக்கியது. போடும் நாளில் புரோக்கரின் மார்ஜின் கால்குலேட்டரில் பாருங்கள். ஆனால் மார்ஜின் என்பது உள்ளே நுழைய வைக்கும் முன்பணம் மட்டும்தான். அதற்கு மேல் தினமும் ஒரு கணக்குத் தீர்ப்பு இருக்கிறது. புரோக்கர் சொல்லாமல் விட்டது அதை.

அது இப்படி நடக்கும். ஒவ்வொரு நாளும் கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் சராசரி விலையை அன்றைய செட்டில்மென்ட் விலையாக எடுப்பார்கள். அதற்கும் உங்கள் விற்பனை விலைக்கும் உள்ள வித்தியாசம் ரொக்கமாகக் கைமாறும். எம்டிஎம் என்று புரோக்கர் லெட்ஜரில் வருவது இதுதான். முதல் நாள் 90.62-ல் முடிந்தால் 12 காசு உங்களுக்கு எதிராக, 5,760 ரூபாய் பற்று. அடுத்த நாள் 90.62 என்பதே உங்கள் புதிய விலையாகிவிடும், பழைய 90.50-ஐ எக்ஸ்சேஞ்ச் மறந்துவிடும். இரண்டாம் நாள் 90.41 என்றால் 21 காசு உங்கள் பக்கம், 10,080 வரவு. மூன்றாம் நாள் 90.85 என்றால் 44 காசு எதிராக, 21,120 பற்று. மூன்று நாளில் நிகரம் 16,800 பற்று. 90.50-க்கும் 90.85-க்கும் உள்ள 35 காசை 48,000-ஆல் பெருக்கினாலும் அதே 16,800 வரும். மொத்தத்தில் மாற்றம் இல்லை, துண்டு துண்டாகத் தினமும் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது மே மாத நடுவில் ஜூன் ஒப்பந்தம் 93.00-க்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை ரூபாய் ஏற்றம், அதுவரை நீங்கள் கட்டியது 1,20,000. மார்ஜினில் முடங்கியது 1,08,600, விலை ஏறியதால் அதுவும் கொஞ்சம் கூடியிருக்கும். ஆக ஒரு லட்சம் போதும் என்ற இடத்தில் இரண்டே கால் லட்சத்துக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. உங்கள் பில்லும் அதே அளவு ஏறியிருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த ஏற்றம் ஜூன் 10 வரை காகிதத்தில்தான் இருக்கும். நூல் கடைக்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் சனிக்கிழமை கூலிக்கும் பணம் கொடுக்க வேண்டிய அதே வாரத்தில் புரோக்கரின் போன் வரும். இந்த ரொக்க நெருக்கடிதான் பியூச்சர்ஸின் உண்மையான விலை. வட்டி என்று பார்த்தால் சொற்பம்: 1,20,000 ரூபாயை சிசி கணக்கிலிருந்து 10 சதவீதத்தில் ஒரு மாதம் எடுத்தால் 1,000 ரூபாய். பணம் அன்றைக்குக் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? எம்டிஎம் நஷ்டத்தை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும், அடகு வைத்த பங்குகள் இதற்கு உதவாது. மார்ஜின் பற்றாக்குறைக்கு நாளொன்றுக்கு அரை முதல் ஒரு சதவீதம் அபராதம், தொடர்ந்து மூன்று நாளைத் தாண்டினால் 5 சதவீதம் வரை போகும். அதற்கு முன்பே புரோக்கர் பொசிஷனை வெட்டிவிடுவார். டாலர் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் பணத்துக்குத் தட்டுப்பாடு வரும், அதனால் வெட்டுவதும் அந்த நாளில்தான் நடக்கும். 93.00-ல் வெட்டினார்கள் என்று வையுங்கள், 1,20,000 நஷ்டம் உறுதியாகிவிட்டது. பிறகு ஜூன் 10-க்குள் டாலர் 91.00-க்கு இறங்கினால் பேங்க் மார்ஜின் போக 90.85-க்கு 44,06,225 ரூபாய் வரும். நஷ்டம் போகக் கையில் 42,86,225, அதாவது டாலருக்கு 88.38. ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்கூட 90.85 கிடைத்திருக்கும். பணம் இருந்தும், "தினமும் நஷ்டம் போகிறது" என்று பங்குதாரர் பதறி மூடச் சொன்னாலும் முடிவு இதேதான். எம்டிஎம் நஷ்டத்தைத் தனியாகப் பார்க்காமல், அதே தாளில் பக்கத்துக் கட்டத்தில் பில்லின் அன்றைய மதிப்பையும் எழுதி வைத்தால் இந்தப் பதற்றத்தில் பாதி குறையும்.

கடைசி வரை தாக்குப்பிடித்தால் கணக்கு எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஜூன் 10-ல் ஸ்பாட் 92.80, இன்னும் 16 நாள் மிச்சமிருப்பதால் ஜூன் ஒப்பந்தம் 92.88. காலையில் பேங்கில் டாலரை விற்கும் அதே நேரத்தில் 48 லாட்டையும் திரும்ப வாங்கி மூடுகிறீர்கள். பியூச்சர்ஸில் நஷ்டம் 2 ரூபாய் 38 காசு, மொத்தம் 1,14,240. பேங்கில் 92.65-க்கு விற்ற 48,500 டாலருக்கு 44,93,525. கழித்தால் 43,79,285. டாலர் இறங்கியிருந்தால்? ஸ்பாட் 88.00, ஒப்பந்தம் 88.08 என்று வையுங்கள். பியூச்சர்ஸில் லாபம் 1,16,160, பேங்கில் 87.85-க்கு 42,60,725, கூட்டினால் 43,76,885. பார்வர்டு போட்டிருந்தால் இரண்டு நிலையிலும் 90.27-க்கு 43,78,095. ஒரு பக்கம் 1,190 ரூபாய் கூட, மறு பக்கம் 1,210 ரூபாய் குறைவு. அந்த வித்தியாசமும் லாட்டில் அடங்காமல் விட்ட 500 டாலரால் வந்தது. புரோக்கரேஜையும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தையும் பேங்கின் பார்வர்டு புக்கிங் கட்டணத்தையும் நான் சேர்க்கவில்லை. இந்த அளவுக்கு அவை முடிவை மாற்றாது.

இந்தக் கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதற்கு ஒரு காரணம், ஜூன் ஒப்பந்தத்தை மார்ச்சிலேயே 90.50-க்கு விற்க முடிந்தது என்று நான் வைத்துக்கொண்டது. நடைமுறையில் நடப்பு மாத ஒப்பந்தத்தில்தான் ஆட்கள் இருப்பார்கள். மூன்று நான்கு மாதம் தள்ளிய ஒப்பந்தத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். 2024-க்குப் பிறகு வர்த்தகம் மிகவும் சுருங்கிப்போனதால் இது இன்னும் மோசமாகிவிட்டது. ஆர்டர் போடும் முன் மார்க்கெட் டெப்த்தில் 48 லாட்டுக்கு ஆள் இருக்கிறதா என்று பாருங்கள், மார்க்கெட் ஆர்டர் போடாமல் லிமிட் ஆர்டர் போடுங்கள். ஆள் இல்லாவிட்டால் நடப்பு மாதத்தை விற்று, மாதா மாதம் அதை மூடி அடுத்த மாதத்தை விற்று உருட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போது டாலர் விலையின் ஏற்ற இறக்கத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் பிரீமியம் உறுதியாகாது. ஒவ்வொரு மாதமும் அன்றைக்கு என்ன பிரீமியமோ அதுதான். ஒப்பந்தத்தைக் கடைசி நாள் வரை விட்டால், எஃப்பிஐஎல் நிறுவனம் அன்று வெளியிடும் டாலர் ரெபரன்ஸ் ரேட்டில் எக்ஸ்சேஞ்ச் தானாகவே ரூபாயில் தீர்த்துவிடும். உங்கள் பில் அன்று வராவிட்டால் அந்த ரேட்டுக்கும் நீங்கள் பேங்கில் பெறும் ரேட்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

பார்வர்டில் இந்தத் தினசரித் தொல்லை இல்லை, ஆனால் மார்ஜினே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பேங்க் உங்களுக்கு ஒரு பார்வர்டு லிமிட் சாங்ஷன் செய்ய வேண்டும். ஒப்பந்த மதிப்பில் ஒரு பங்கை அந்த லிமிட்டில் கழித்துக்கொள்வார்கள். லிமிட் இல்லாதவரிடம் எஃப்டி கேட்பார்கள். அந்த எஃப்டிக்கு வட்டி வரும் என்பதால் புரோக்கரிடம் சும்மா கிடக்கும் பணத்தைவிட அது மேல். பேங்க் தன் புத்தகத்தில் உங்கள் பார்வர்டையும் தினமும் மதிப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும், உங்களிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான். சில சாங்ஷன் லெட்டர்களில், எம்டிஎம் நஷ்டம் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் மார்ஜின் கேட்போம் என்ற வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள். அது இருந்தால், ரொக்க நெருக்கடி விஷயத்தில் பார்வர்டு பியூச்சர்ஸை நெருங்கி வந்துவிடுகிறது.

பார்வர்டு சறுக்கும் இடம் தேதி. வாங்குபவர் ஜூலைக்குத் தள்ளிவிட்டாலோ ஆர்டரையே ரத்து செய்தாலோ, நீங்கள் 90.27-க்கு டாலர் தருவதாக ஒத்துக்கொண்ட கடமை அப்படியே நிற்கும். பேங்க் அன்றைய ரேட்டில் பழையதை ரத்து செய்து, வேண்டுமானால் புதிய தேதிக்குப் புதிய ரேட்டில் போட்டுத் தரும். டாலர் 92.80-ல் இருந்தால் ரத்துக்கு டாலருக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல், மொத்தம் ஒன்றே கால் லட்சம் ரூபாய் ஒரே நாளில் கட்ட வேண்டி வரும். மூன்று மாதம் துண்டு துண்டாகக் கட்டியிருக்க வேண்டியது இங்கே ஒரே மூச்சில் வருகிறது. முதிர்வு நாளில் பேசாமல் இருந்துவிட்டால் சில வேலை நாள் பார்த்துவிட்டு பேங்க் தானே ரத்து செய்து கணக்கில் பிடித்துக்கொள்ளும். அதனால் தள்ளிப்போகும் என்று தெரிந்த உடனே, முதிர்வுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.

போடும் முன் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று, அதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த ஆர்டருக்கு டாலரில் பேக்கிங் கிரெடிட் எடுத்து ரூபாயாக மாற்றிவிட்டீர்களா? அப்படியானால் அந்த அளவுக்கு டாலரை ஏற்கனவே விற்றாயிற்று, வரும் பணம் அந்தக் கடனைத்தான் அடைக்கும். 30,000 டாலர் அப்படி எடுத்திருந்தால் உங்களுக்கு மிச்சமிருக்கும் ரிஸ்க் 18,500 டாலருக்கு மட்டும்தான். பில்லை பேங்க் ரூபாயில் டிஸ்கவுன்ட் செய்துவிட்டிருந்தாலும் இதே கதை. அதற்கு மேலே பார்வர்டோ பியூச்சர்ஸோ போட்டால் அது பாதுகாப்பு ஆகாது, சூதாட்டம்.

சட்டமும் அதையே சொல்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்ட சுற்றறிக்கை 2024 மே 3 முதல் அமலுக்கு வந்தது. ரூபாய் சம்பந்தப்பட்ட கரன்சி பியூச்சர்ஸ் போட அதற்கு ஈடான உண்மையான ஒப்பந்த வரவோ செலவோ இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை அதைப் புரோக்கரிடம் காட்ட வேண்டியதில்லை, ஆனால் இருந்தே ஆக வேண்டும். ஒரே பில்லை இரண்டு இடத்தில் ஹெட்ஜ் செய்யவும் கூடாது. பேங்கில் பார்வர்டு போட்டுவிட்டு அதே இன்வாய்ஸுக்குப் புரோக்கரிடம் 48 லாட் விற்பது விதிமீறல். பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் மூன்றையும் ஒப்பந்தக் குறிப்போடு சேர்த்து ஒரே பைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில், பேங்கில் லிமிட் கிடைத்து, பார்வர்டு மார்ஜினும் ஸ்பாட் மார்ஜினும் பக்கம் பக்கமாக இருந்தால் பார்வர்டே போடுங்கள். லிமிட் தர மறுக்கிறார்கள் அல்லது இரண்டு மார்ஜினுக்கும் நடுவே 30, 35 காசு ஓடுகிறது, உங்களிடமும் மூன்று மாதத்துக்குத் தொடாமல் வைக்க மூன்று லட்சத்துக்கு மேல் இருக்கிறது என்றால் பியூச்சர்ஸ் நியாயமான வழி. மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது என்றால், மார்ஜின் 1,08,600, டாலர் நான்கு ரூபாய் ஏறினால் 1,92,000, இரண்டும் சேர்ந்து மூன்று லட்சத்து அறுநூறு. மார்ஜின் சதவீதமும் கூடலாம் என்பதால் மேலே இன்னும் ஐம்பதாயிரம் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு லட்சத்தோடு இறங்காதீர்கள்.

உங்கள் மாமா விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டு அராபிகாவின் விலை நியூயார்க் விலையோடும் டாலரோடும் சேர்ந்துதான் ஏறி இறங்கும். அதனால் அவருக்கும் டாலர் ரிஸ்க் இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அவர் பார்ச்மென்ட்டையோ செர்ரியையோ வியாபாரிக்கோ க்யூரிங் ஒர்க்ஸுக்கோ மூட்டைக் கணக்கில் ரூபாய்க்கு விற்கிறார் என்றால், டாலரில் வரவேண்டிய பணம் என்று அவர் கையில் எந்தக் காகிதமும் இல்லை. பேங்கில் பார்வர்டு தர மாட்டார்கள், மே 2024-க்குப் பிறகு பியூச்சர்ஸ் விற்பதும் அவருக்கு அனுமதியில்லை. அனுமதி இருந்திருந்தாலும் பயன் குறைவுதான், ஏனென்றால் காபி விலை நியூயார்க்கில் ஒரே மாதத்தில் விழும் அளவுக்கு டாலர் ஒரு வருடத்தில்கூட நகராது. அவரே ஏற்றுமதி லைசென்ஸ் வாங்கி, வெளிநாட்டு ரோஸ்டர் ஒருவரோடு டாலரில் விலை பேசிக் கையெழுத்தான ஒப்பந்தம் வைத்திருந்தால் அந்த ஒப்பந்தத் தொகைக்கு மட்டும் மேலே சொன்ன எல்லாம் அவருக்கும் பொருந்தும். சிறு தோட்டத்து ஏற்றுமதி பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் டாலர் என்று இருக்கும்போது 1,000 டாலர் லாட் வசதிதான். லாட்டில் அடங்காத மிச்சம் 900 டாலர் என்றால் அதைப் பணம் வரும் நாளில் பேங்கில் மாற்றிக்கொள்ளட்டும்.